ஃபிரண்ட் லோடர் கதவு திறக்கலையா, நெம்பாதீங்க, முதல்ல உள்ள இருக்கற தண்ணிய வெளிய விடுங்க

கேள்வி: அண்ணே, வாஷிங் மெஷின் ஓடி முடிஞ்சு End காட்டுது, ஆனா கதவு திறக்க மாட்டேங்குது. கைப்பிடி அசையவே இல்ல. கண்ணாடி வழியா பாத்தா தண்ணி எதுவும் தெரியல. உள்ள என்னோட ஆர்மி யூனிஃபார்ம், நம்பர் ஃபோர் இருக்கு, இன்னிக்கு ராத்திரி கேம்ப்புக்கு புக் இன் பண்ணணும். அம்மா ஸ்க்ரூ டிரைவர் வெச்சு நெம்பலாமாங்கறாங்க. என்ன செஞ்சா ஆபத்து இல்ல?

பதில்:

தம்பி, முதல்ல அம்மா கையில இருக்கற ஸ்க்ரூ டிரைவர வாங்கி உள்ள வெச்சிருங்க. கதவு ஓரத்துல நெம்பினா லாக் திறக்காது, ரப்பர் கேஸ்கெட்தான் கிழியும், இல்லன்னா கதவுல இருக்கற கொக்கி உடையும், அப்புறம் கதவு திறந்தாலும் அடுத்த தடவை துவைக்கறப்ப தண்ணி வழியும்.

கைப்பிடி அசையலன்னு சொல்றீங்க பாருங்க, அது நல்ல தகவல். கைப்பிடி லொடலொடன்னு ஆடி எதையும் பிடிக்காம இருந்தா உள்ள பிளாஸ்டிக் உடைஞ்சிருக்கும், அது வேற கதை. இறுக்கமா நிக்குதுன்னா லாக் கெட்டுப் போகல, தன் வேலைய செஞ்சிட்டு இருக்குன்னு அர்த்தமாக இருக்க வாய்ப்பு அதிகம். கதவு கொக்கிய பிடிச்சுக்கற ஒரு சின்ன பெட்டி மெஷின் உடம்புல இருக்கு, அதுக்குள்ள ஒரு பின், அந்த பின்ன விடுவிக்கறதுக்கு முன்னாடி மெஷினோட போர்டு மூணு விஷயம் பாக்கும். டிரம் நின்னுடுச்சா, தண்ணி மட்டம் இறங்கிடுச்சா, தண்ணி சூடு குறைஞ்சிடுச்சா. இந்த மூணுல ஒண்ணுக்கு 'இல்ல'ன்னு பதில் வந்தாலும் பின் வெளிய வராது. End-னு எழுத்து வந்தா புரோகிராம் நேரம் முடிஞ்சிதுன்னு மட்டும்தான் அர்த்தம், நிறைய மாடல்ல அது தண்ணிய பத்தி எதுவும் சொல்லாது. அதனால கதவோட சண்ட போடாம இந்த மூணுல எது லாக்க பிடிச்சு வெச்சிருக்குன்னு கண்டுபிடிக்கறதுதான் நம்ம வேலை.

பிளக்க கழட்டாம, சுவிட்ச் ஆன்லயே வெச்சு முதல்ல ஒரு அஞ்சு நிமிஷம் சும்மா விடுங்க. பல மெஷின்ல லாக்குக்குள்ள சூடேறி வளையற ஒரு தகடு இருக்கும், அது ஆறினாத்தான் பின் திரும்பும், அதுக்கு ஒண்ணு ரெண்டு நிமிஷம் ஆகும். இந்த நேரத்துலதான் எல்லாரும் ஒரு தப்பு செய்வாங்க, கைப்பிடிய இழுத்துக்கிட்டே நிப்பாங்க. இழுத்தா கொக்கி பின் மேல அழுத்தும், பின் நகர முடியாது, திறக்க நினைக்கற லாக்க நாமளே பிடிச்சு நிறுத்தறோம். ஈரத்துணி கனமா கதவுல சாஞ்சிருந்தாலும் இதேதான். அதனால இழுக்காதீங்க, உள்ள தள்ளுங்க. முழங்கால கதவுல கைப்பிடி இருக்கற பக்கமா வெச்சு நல்லா உள்பக்கம் அழுத்திட்டே ஆஃப் பட்டன அழுத்தி மறுபடி ஆன் பண்ணுங்க, 'டிக்'னு சத்தம் கேக்குதான்னு காது குடுங்க. கேட்ட பிறகு அழுத்தத்த விட்டுட்டு மெதுவா இழுத்துப் பாருங்க. இதுலயே திறந்துடற வீடு நிறைய.

சைல்ட் லாக் சாவி படம் எரியுதான்னு ஒரு தடவை பாத்துடுங்க, எரிஞ்சா அந்த பட்டன மூணு செகண்ட் அழுத்திப் பிடிச்சா போயிடும். துணி கசங்காம இருக்க கடைசித் தண்ணியோட நிறுத்தற ஆப்ஷன் ஒண்ணு சில மெஷின்ல உண்டு, அது போட்டிருந்தாலும் கதவு மூடிதான் இருக்கும், டிரெயின் இல்லன்னா ஸ்பின் போட்டா தீந்துடும்.

அடுத்து சூடு. என்ன புரோகிராம்ல போட்டீங்கன்னு யோசிச்சுப் பாருங்க. குளிர்தண்ணியோ 40 டிகிரியோன்னா சூட்ட பத்தி கவலையில்ல. 60, 90ன்னு போட்டிருந்தா கண்ணாடிய தொட்டுப் பாருங்க, உள்ளங்கைய வெச்சு நிம்மதியா பிடிக்க முடியலன்னா எதையும் தொடாம அரை மணி நேரமாவது விடுங்க, தேவைப்பட்டா இன்னும் கூட. கீழ சொல்லப் போற எதையும் சுடுதண்ணியோட செய்யாதீங்க, ஃபில்டர் வாயிலேருந்து பீச்சியடிக்கற 60 டிகிரி தண்ணி கைய வேக வெச்சிடும்.

உங்க விஷயத்துல எனக்கு சந்தேகம் தண்ணி மேலதான். கண்ணாடியில தெரியலன்னு சொன்னீங்க, ஆனா கதவோட கீழ் விளிம்பு டிரம்மோட அடிய விட நல்லா மேல இருக்கு, டிரம்முக்கும் வெளித்தொட்டிக்கும் நடுவுல, அடியில, பம்ப் வரைக்கும் பல லிட்டர் தண்ணி நிக்கலாம், கண்ணாடி வழியா ஒரு சொட்டு கூட தெரியாது. துணிய பாத்தா கொஞ்சம் புரியும். ஸ்பின் ஆன துணி டிரம்மோட சுவர்ல அப்பி, நடுவுல ஓட்டை விட்டு இருக்கும். உங்க நம்பர் ஃபோர் குவியலா கீழ விழுந்து, பளபளன்னு ஈரம் சொட்டற மாதிரி கிடக்குதுன்னா ஸ்பின் ஆகல, தண்ணி முழுசா போகலன்னு எடுத்துக்கலாம். தண்ணி போகலன்னு மெஷினே கண்டுபிடிச்சா சில சமயம் ஸ்கிரீன்ல கோட் காட்டும், எல்ஜில OE, சாம்சங்ல 5E இல்லன்னா 5C, போஷ்ல E18, எலக்ட்ரோலக்ஸ்ல E20, இதெல்லாம் டிரெயின் பிரச்சினைக்கானது. கோட் வரலங்கறதுக்காக பிரச்சினை இல்லன்னு நெனச்சிடாதீங்க.

இப்போ தண்ணி டேப்ப மூடிட்டு டிரெயின் மட்டும் ஓட விடுங்க, அப்படி புரோகிராம் இல்லன்னா ஸ்பின் மட்டும். ஸ்பின் போட்டா முதல்ல தண்ணிய வெளிய அனுப்பும். சர்வீஸ் யார்ட்ல குனிஞ்சு மெஷினோட கீழ் மூலையில, பெரும்பாலும் வலது பக்கம், காது வெச்சுக் கேளுங்க, இன்னொருத்தர் ஃபுளோர் டிராப்ல குழாய் வாய பாத்துட்டு நிக்கட்டும். 'உம்ம்'னு பம்ப் சத்தமும் குழாயில தண்ணி கொட்டறதும் சேந்து வந்தா நல்லது, அதை முடிக்க விடுங்க, சத்தம் வறண்டு காத்து உறியற மாதிரி மாறின பிறகு ஒண்ணு ரெண்டு நிமிஷத்துல லாக் தானே விடும். பம்ப் உறுமுது ஆனா குழாயில தண்ணி வரல இல்ல நூல் மாதிரிதான் வருதுன்னா அடைப்பு. கடகடன்னு ஏதோ தட்டற சத்தம் வந்தா காசோ பட்டனோ பம்ப்ல சிக்கியிருக்கு. எதுவுமே கேக்கலன்னா பம்ப் முழுசா இறுகி நிக்குது இல்ல அதுக்கு கரண்ட் போகல. இந்த நாலு சத்தத்த பிரிச்சு கேட்டுட்டீங்கன்னா பாதி வேலை முடிஞ்சது.

அடைப்புன்னா ரெண்டு இடம் பாக்கணும். முதல்ல பின்னாடி போற சாம்பல் நிற குழாய், மெஷின சுவரோட தள்ளி வெச்சதுல மடங்கியிருக்கா, ஃபுளோர் டிராப் மூடி மேல துணி நூலும் முடியும் சேந்து அடைச்சிருக்கான்னு. இங்க எச்டிபி சர்வீஸ் யார்ட் குறுகல், மூங்கில் கம்பு, வாளி, சோப்புத்தூள் டப்பா எல்லாம் அங்கதான், குழாய் மேல எதையாவது சாய்ச்சு வெச்சிருப்பாங்க. மடங்கலன்னா அடுத்தது டிரெயின் ஃபில்டர், இதுதான் பெரும்பாலான நேரம் குற்றவாளி. நம்பர் ஃபோர் மாதிரி பாக்கெட் நிறைஞ்ச துணின்னா இன்னும் சந்தேகம் கூடும்.

ஃபில்டர தொடறதுக்கு முன்னாடி ஆஃப் பண்ணி, சுவர் சுவிட்ச அணைச்சு, மூணு பின் பிளக்கையே சாக்கெட்டிலேருந்து கழட்டிடுங்க. கை காஞ்சிருக்கணும், ஈரத் தரையில நிக்காம செருப்பு போட்டுக்குங்க. ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சுக்குங்க, வளையற தகடு இருக்கற லாக் கரண்ட் போன ஒண்ணு ரெண்டு நிமிஷத்துல தானே விட்டுடும், உள்ள தண்ணி இருந்தாலும் விட்டுடும். இன்னொரு வகை லாக் கரண்ட் இல்லாட்டி அப்படியே பூட்டினபடியே நிக்கும். உங்களோடது எதுன்னு வெளிய பாத்தா தெரியாது, அதனால பிளக்க கழட்டின பிறகு ஆர்வத்துல கதவ இழுத்துப் பாக்காதீங்க, பல லிட்டர் சோப்புத் தண்ணி சர்வீஸ் யார்ட தாண்டி கிச்சனுக்குள்ள வந்துடும். தண்ணி இறங்கற வரைக்கும் கதவ தொடவே வேணாம்.

மெஷின் முன்பக்கம் கீழ, பெரும்பாலும் வலது மூலையில, ஒரு சின்ன மூடி இருக்கும், நகத்தாலயோ காசாலயோ நெம்பினா திறக்கும். உள்ள ஒரு பெரிய வட்டத் திருகு, அதான் ஃபில்டர், பக்கத்துல நிறைய மாடல்ல மூடி போட்ட மெல்லிய ரப்பர் குழாய் ஒண்ணு இருக்கும். குழாய் இருந்தா அதை வெளிய இழுத்து தாழ்வான தட்டுல வெச்சு மூடிய எடுங்க, தண்ணி அமைதியா வரும். தட்டு ஆழமில்லாம இருக்கணும், வாளி அடியில நுழையாது, கேக் பேக் பண்ற டிரே நல்லா நுழையும். டிரே நெறைஞ்சதும் மூடிய போட்டு கொட்டிட்டு வந்து மறுபடி, சோர்வா இருந்தாலும் இப்படித்தான். குழாய் இல்லன்னா வட்டத் திருகையே இடப்பக்கமா கால் சுற்று மட்டும் திருப்புங்க, கசியும், டிரே நெறைஞ்சதும் இறுக்கிடுங்க, திரும்ப கால் சுற்று. ஒரேயடியா கழட்டினா எல்லாம் ஒரு நொடியில கொட்டும், திரும்ப உள்ள வெக்கவும் முடியாது. அக்கம்பக்கத்துல எக்ஸ்டென்ஷன் ஒயர் தரையில கிடந்தா முன்னாடியே தூக்கி வெச்சிடுங்க. கான்டோல கிச்சன் கேபினட்டுக்குள்ள மெஷின் இருக்கறவங்களுக்கு இந்த மூடிய மறைச்சு கீழ ஒரு பலகை இருக்கும், அதை முதல்ல கழட்டணும். மெஷின முன்னாடி சாய்ச்சு கொட்டிடலாம்னு நெனக்காதீங்க, உள்ள கான்கிரீட் பாரம் இருக்கு, சாதாரணமா 60, 70 கிலோ, மேல விழுந்தா தாங்காது, சாய்ச்சா தண்ணி கரண்ட் பாகங்கள் மேலயும் போகலாம்.

சொட்டு நின்ன பிறகு திருகை முழுசா கழட்டுங்க. பூன் லேல எனக்கு தெரிஞ்ச ஒரு வீட்ல இதே மாதிரி End காட்டிக்கிட்டு கதவு திறக்காம நின்னது, பம்ப் உறுமல் கேட்டது, குழாயில தண்ணி வரல. தட்டு தட்டா பழுப்பு தண்ணி எடுத்த பிறகு ஃபில்டர உருவினா, முடியும் நூலும் கலந்து கெட்டியான சாம்பல் நிற கூழ், டிஷ்யூ பேப்பர் கரைஞ்சு படிஞ்சது, அதுக்குள்ள ஒரு 20 காசும் ஒரு சட்டை பட்டனும். அதோட நிக்காம டார்ச் அடிச்சு ஃபில்டர் இருந்த ஓட்டைக்குள்ள பாக்கணும்னு சொன்னேன். ஆழத்துல பம்ப்போட சின்ன விசிறி இருக்கும், அதுல உள்ளாடையோட மெல்லிய கம்பி ஒண்ணு வளைஞ்சு மாட்டிக்கிட்டு இருந்தது, ஃபில்டர மட்டும் கழுவி வெச்சிருந்தா மறுபடி அதே கதைதான். மூக்கு நீண்ட இடுக்கியால மெதுவா உருவினோம்.

நீங்களும் ஒரு குச்சியால, உங்க விரலால இல்ல, அந்த விசிறிய சுத்திப் பாருங்க. வழுவழுன்னு சுத்தாது, கொஞ்சம் தடுத்து தடுத்து 'டக் டக்'னு நகரும், உள்ள காந்தம் இருக்கறதால அப்படித்தான், அது கெட்டதில்ல. எந்தப் பக்கமும் அசையலன்னாத்தான் பிரச்சினை. ஃபில்டர குழாய்த் தண்ணியில கழுவி, ரப்பர் வளையத்துல மண்ணோ நூலோ ஒட்டாம துடைச்சு, நேரா வெச்சு கடைசி வரைக்கும் இறுக்குங்க. கோணலா மாட்டினா அடுத்த வாஷ்ல தரை முழுக்க தண்ணி. சின்ன குழாயோட மூடியையும் மறக்காம போடுங்க.

இந்த வேலை முடிஞ்சு தண்ணி இறங்கினதும் பிளக்க மாட்டி ஆன் பண்ணி, கதவ உள்ள அழுத்திட்டே ஸ்பின்னோ டிரெயினோ ஒரு தடவை ஓட விடுங்க. பூன் லே வீட்ல இதுலயே பம்ப் ஓடி, சத்தம் வறண்டு, கொஞ்ச நேரத்துல 'டிக்'னு விட்டுச்சு.

இன்னும் விடலன்னா கடைசியா ஒண்ணு இருக்கு. அதே கீழ் மூடிக்குள்ள, ஃபில்டர் பக்கத்துல நிறைய மாடல்ல ஆரஞ்சோ சிவப்போ ஒரு சின்ன பிளாஸ்டிக் காது, இல்ல நூல் மாதிரி ஒண்ணு தொங்கும். எமர்ஜென்சி ரிலீஸ். எல்லா மெஷின்லயும் கிடையாது, மேனுவல்ல இருக்கும். இத இழுக்க நாலு நிபந்தனை மனசுல வெச்சுக்குங்க, பிளக் கழட்டியிருக்கணும், டிரம் முழுசா நின்னிருக்கணும், தண்ணி இறங்கியிருக்கணும், சூடு ஆறியிருக்கணும். கீழ்நோக்கி மெதுவா, ஒரே சீரா இழுங்க, அதே நேரம் இன்னொரு கையால கதவ திறங்க. இழுத்ததும் ஒரு சின்ன 'கிளிக்' கையில தெரியும். வேகமா வெடுக்குன்னு இழுத்தா அந்த காது கையோட வந்துடும், அப்புறம் மெக்கானிக்காலயும் அதைப் பிடிக்க முடியாது. துணிய எடுக்கறதுக்கு முன்னாடி அடியில பழைய துண்டு விரிச்சுடுங்க.

கைப்பிடி லொடலொடன்னு ஆடற வீட்டுக்காரங்க, அதாவது உடைஞ்சது கைப்பிடிதான்னா, கதவு ஓரத்துல மெல்லிய நைலான் கயிறு விட்டு கொக்கிய இழுக்கற வேலைய வீடியோல பாத்திருப்பீங்க. கொக்கிக்கு பின்னாடி அந்த லாக் பின் விடுபட்டிருந்தா சில சமயம் அது பலிக்கும், பின் பூட்டியிருந்தா கொக்கி உடையும். உங்க கேஸ் அது இல்ல, அதனால கயிறு வேணாம். கத்தி, கரண்டி, கம்பி எதையும் கண்ணாடி ஓரத்துல விடாதீங்க, கண்ணாடி சுத்தி தட்டவும் வேணாம்.

மேல் மூடிய திறந்து கைய விட்டு லாக்க தள்ளலாம்னு சிலர் சொல்வாங்க, அதுவும் மெக்கானிக் வேலைதான். பிளக் கழட்டின பிறகும் மோட்டார் போர்டுல இருக்கற கெப்பாசிட்டர் கொஞ்ச நேரம் சார்ஜ் வெச்சிருக்கும், தகடு ஓரமெல்லாம் கத்தி மாதிரி இருக்கும். இங்க வீட்டு கரண்ட் 230 வோல்ட், விளையாட்டில்ல. ஆர்சிசிபி விழுந்ததால மெஷின் செத்து கதவு பூட்டிக்கிட்டு இருந்தா அந்த ஆர்சிசிபி சுவிட்ச ஒரு தடவை மட்டும் தூக்கிப் பாருங்க, வாஷிங் மெஷின் பிளக்க கழட்டி வெச்சுட்டு. பிளக்க மாட்டினதும் மறுபடி விழுந்தா மெஷினுக்குள்ள கரண்ட் கசியுது, தண்ணியும் ஈரமும் இருக்கற இடம், இதுக்கு மேல நீங்க செய்ய எதுவுமில்ல.

இன்னொரு வகை இருக்கு, அத கண்டுபிடிச்சா வீணா அலைய வேண்டாம். ஃபில்டர்ல தண்ணி சுத்தமா காலி, பம்ப்பும் நல்லா ஓடுது, ஆனா நிக்காம ஓடிக்கிட்டே இருக்கு, கதவும் விட மாட்டேங்குது. அப்படின்னா தண்ணி மட்டத்த உணர்ற சென்சார் ஏமாந்து போயிருக்கு. தொட்டியோட அடியிலேருந்து மேல சென்சார் வரைக்கும் ஒரு மெல்லிய காத்துக் குழாய் போகும், அதோட வாயில சோப்புக் கசடு அடைச்சா காத்து சிக்கி, உள்ள இன்னும் தண்ணி இருக்குன்னு போர்டு நம்பிடும். அதை சுத்தம் பண்ண மெஷின பிரிக்கணும். அப்படி வந்தா துணிய எடுக்க எமர்ஜென்சி ரிலீஸ் போதும், அந்த மெஷின் மறுபடி ஓட மெக்கானிக்க கூப்பிடணும்.

கூப்பிடறப்ப, வந்து போற சார்ஜ் எத்தன வெள்ளின்னு முதல்லயே கேட்டுக்குங்க, அப்புறம் இதெல்லாம் சொல்லுங்க: கைப்பிடி இறுக்கமா இல்ல லூசா, டிரெயின் போட்டா பம்ப் சத்தம் எப்படி, ஃபில்டர்ல தண்ணி இருந்ததா இல்லையா, ஸ்கிரீன்ல என்ன வந்தது, உள் ஸ்டிக்கர்ல இருக்கற மாடல் நம்பர். இது தெரிஞ்சா டோர் லாக்கா, பம்ப்பா, சென்சாரான்னு அவர் சரியான பாகத்தோட வர முடியும்.

கதவு திறந்ததும் நம்பர் ஃபோர் தண்ணியோட கனமா இருக்கும், மறுபடி ஸ்பின் போடறப்ப துணி ஒரே பக்கமா சேந்தா டிரம் ஆடி மெஷின் ஸ்பின்ன விட்டுடும், அதனால சட்டையும் பேன்ட்டும் கூட ஒண்ணு ரெண்டு துண்டோட பரப்பிப் போடுங்க, புக் இன்னுக்கு முன்னாடி ஃபேன் காத்துல காயறதுக்கு நேரம் இருக்கும்.